சண்டைப் படப் பிரியர் முதலில் பார்க்க வேண்டிய குற்றத் தொடர் எது?

சண்டைப் படம் மட்டுமே பார்க்கும் ஒருவர் என்றைக்காவது ஒருநாள், “நல்ல கிரைம் சீரீஸ் ஒன்று சொல்லுங்களேன்” என்று கேட்பார். கேட்டதும் நம்மில் பலர், நமக்கு மிகவும் பிடித்ததையே எடுத்து நீட்டிவிடுகிறோம். அவர் முதல் எபிசோடில் பாதி பார்ப்பார், கொட்டாவி விடுவார், ‘இதெல்லாம் நமக்கு ஒத்துவராது’ என்று முடிவு கட்டிவிடுவார். அடுத்த சில வருடங்களுக்கு அந்தப் பக்கமே வரமாட்டார். தவறு அவருடையது அல்ல. உலகத்தின் சிறந்த தொடர் எது என்பது ஒரு கேள்வி, இவர் முதலில் எதைப் பார்க்கலாம் என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்குச் சொல்லிவிடுகிறோம்.

‘தி வயர்’ இதற்கு நல்ல உதாரணம். 2002-ல் எச்.பி.ஓ.வில் தொடங்கிய அமெரிக்கத் தொடர். பால்டிமோர் நகரத்துப் போலீஸையும் போதைமருந்து விற்பவர்களையும் பற்றி இதைவிட நேர்மையாக யாரும் எடுத்ததில்லை என்பது என் கருத்தும்கூட. ஆனால் முதல் சீசனில் 13 எபிசோடுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். தொடரின் பெயருக்குக் காரணமான ஒட்டுக்கேட்பு வேலை சரியாகத் தொடங்கவே சில எபிசோடுகள் ஆகும். அதற்குள் இருபது முப்பது முகங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘ட்ரூ டிடெக்டிவ்’ முதல் சீசனும் (2014) இப்படித்தான். அதன் நான்காவது எபிசோடில் வெட்டே இல்லாமல் ஆறு நிமிடம் ஓடும் ஒரு காட்சி இருக்கிறது. துப்பாக்கிச் சூடு, துரத்தல், வீடு வீடாகத் தாண்டி ஓட்டம் என்று எல்லாமே ஒரே ஷாட்டில் நடக்கும். அந்தக் காட்சியைக் காட்டித்தான் பலர் சண்டைப் பட ரசிகர்களை உள்ளே இழுக்கப் பார்க்கிறார்கள். அங்கே போய்ச் சேர மூன்று எபிசோடுகள், பெரும்பாலும் இரண்டு பேர் காரில் உட்கார்ந்து பேசிக்கொண்டே போவதைப் பார்த்தாக வேண்டும் என்பதைச் சொல்வதில்லை.

சரி, வேகமான படத்தில் ஒருவருக்குப் பிடிப்பதுதான் என்ன? ‘கைதி’யை எடுத்துக்கொள்வோம். ஓர் இரவு, ஒரு லாரி. லாரியில் மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்களை உயிர் போவதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். இன்னொரு பக்கம் கமிஷனர் அலுவலகத்தை ரவுடிக் கும்பல் சூழ்ந்து நிற்கிறது. சண்டைக் காட்சிகளை எல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்தப் படம் வேகமாகவே இருக்கும். காரணம், இப்போது என்ன ஆக வேண்டும் என்பது எந்த நிமிடத்திலும் நமக்குத் தெரியும். லாரி நகர்ந்தால் நல்லது, நின்றால் ஆபத்து. அடிதடியோடு சேர்ந்து இந்தத் தெளிவும்தான் நம்மை இருக்கையில் கட்டிப்போடுகிறது.

ஆகவே இப்படிப்பட்டவருக்கு முதல் தொடர் தேடும்போது, அதில் எத்தனை சண்டை இருக்கிறது என்று எண்ண வேண்டியதில்லை. முதல் எபிசோட் முடியும்போது, ‘போலீஸ் எதைத் தேடுகிறது?’ என்று கேட்டால் ஒரே வாக்கியத்தில் அவரால் பதில் சொல்ல முடியுமா என்று பார்த்தால் போதும். சொல்ல முடிந்தால் கதை எத்தனை மெதுவாக நடந்தாலும் அவர் கூடவே வருவார். சொல்ல முடியாவிட்டால் நடுவில் பத்துப் பேர் சுடப்பட்டாலும் வழி தவறிப் போய்விடுவார்.

இந்தச் சோதனையில் நான் பார்த்தவரை முதலிடத்தில் நிற்பது, தமிழுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த ‘கேரளா கிரைம் ஃபைல்ஸ்’ முதல் சீசன். 2023 ஜூனில் ஹாட்ஸ்டாரில் வெளியானது. அந்தத் தளத்தின் முதல் மலையாளத் தொடர் இதுதான். அஹமத் கபீர் இயக்கினார், ஆஷிக் அய்மர் எழுதினார். எபிசோடுகள் ஆறுதான், ஒவ்வொன்றும் சுமார் அரை மணி நேரம். மொத்தத்தையும் கூட்டினால் ஒரு நீளமான தமிழ்ப் படத்தின் அளவுக்குள் அடங்கிவிடும். ‘எட்டு மணி நேரம் உட்கார வேண்டுமா?’ என்ற பயமே எழாது. தமிழ் டப்பிங்கும் இருக்கிறது.

கதை நடப்பது 2011-ல், கொச்சியில். எர்ணாகுளம் வடக்கில் ஒரு மலிவான லாட்ஜில், பாலியல் தொழில் செய்யும் ஒரு பெண் கொலை செய்யப்படுகிறாள். அவளோடு வந்து அறை எடுத்தவன் லாட்ஜ் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனது ஒரே ஒரு வரி: ஷிஜு, பாறயில் வீடு, நீண்டகரா. போலீஸ் கையில் இருக்கும் துப்பு அவ்வளவுதான். அந்த முகவரியும் பொய்.

இந்த ஒரு வரி பார்ப்பவருக்கு எவ்வளவு வேலை கொடுக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நீண்டகரா நிஜமான ஊர். கொல்லம் மாவட்டத்தில் உள்ள மீன்பிடித் துறைமுகம். கொச்சியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போக வேண்டும். பொய் முகவரி எழுதுகிறவனும் அதை எங்கிருந்தோ எடுத்துத்தானே எழுதுவான்? அங்கே அவன் வேலை பார்த்திருப்பானா? தெரிந்தவர் யாராவது அங்கே இருப்பார்களா? பெயராவது நிஜமாக இருக்குமா, அதுவும் இன்னொருவனுடையதா? திரையில் யாரும் ஓடவில்லை, யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்விகள் பார்க்கிறவர் தலைக்குள் ஓடத் தொடங்கிவிடும். ‘ஷிஜு யார், எங்கே இருக்கிறான்?’ என்ற ஒரே கேள்விதான் ஆறு எபிசோடுக்கும். ‘கைதி’யில் லாரி நகர்கிறதா நிற்கிறதா என்று பார்த்த அதே ஆள், இங்கே அந்தப் பெயரை நோக்கிப் போலீஸ் ஓர் அடி நெருங்கியதா விலகியதா என்று பார்க்க ஆரம்பிப்பார்.

கதையை 2011-ல் வைத்ததற்கும் பலன் இருக்கிறது. எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் வராத காலம் அது. மூலைக்கு மூலை கேமராவும் கிடையாது. அதனால் கணினியைத் தட்டியதும் பதில் வந்து விழாது. ஒருவரைப் போய்ப் பார்த்து, அவர் சொன்ன பெயரைப் பிடித்துக்கொண்டு அடுத்தவரிடம் போக வேண்டும். இந்த அலைச்சல்தான் தொடரின் உடம்பு. சப்-இன்ஸ்பெக்டர் மனோஜாக அஜு வர்கீஸ் நடித்திருக்கிறார். மலையாளத்தில் நகைச்சுவைக்குப் பெயர்போன இவர் இங்கே சிரிக்கவே மாட்டார். இன்ஸ்பெக்டர் குரியனாக லால். ‘சண்டக்கோழி’யில் வில்லனாக வந்த அதே லால்தான். சண்டைப் பட ரசிகருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு முகம் இருப்பதும் முதல் தொடரில் ஒரு துணைதான். குரியன் சத்தம் போடுகிற போலீஸ் இல்லை. தன் ஆட்களை அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைப் பார்க்கப் பழகிவிட்டால், இந்த வகைத் தொடர் பார்ப்பதில் பாதி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் குறையும் உண்டு. யார் செய்தது, ஏன் செய்தான் என்பதில் பெரிய திருப்பத்தை எதிர்பார்ப்பவருக்குக் கடைசி எபிசோட் சாதாரணமாகப் படலாம். ‘ராட்சசன்’ மாதிரி முடியும் என்று சொல்லி யாரையும் உட்கார வைக்க வேண்டாம். சுவை எல்லாம் தேடலில்தான் இருக்கிறது. கதைப்பொருளும் பெரியவர்களுக்கானது. குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம்.

‘தமிழிலேயே எடுத்தது இல்லையா?’ என்று கேட்பது நியாயம். இந்த வகையில் பேச்சுதான் முக்கியம். ஒருவர் பதில் சொல்லும் முன் தயங்குவது, வாய் குழறுவது, ஊர் வழக்கில் ஒரு சொல்லை நழுவவிடுவது எல்லாமே துப்புதான். டப்பிங்கில் அதில் கொஞ்சம் போய்விடும். சப்டைட்டில் படித்துக்கொண்டே முகத்தைப் பார்ப்பதற்கும் பழக்கம் வேண்டும். டப்பிங் என்றாலே ஒட்டாது என்கிறவருக்கு நான் சொல்வது ‘விலங்கு’. 2022 பிப்ரவரியில் ஜீ5-ல் வந்தது, ஏழு எபிசோடுகள், இயக்கம் பிரசாந்த் பாண்டியராஜ். வேம்பூர் காவல் நிலையத்துச் சப்-இன்ஸ்பெக்டர் பரிதியாக விமல் நடித்திருக்கிறார். வீட்டில் மனைவிக்குப் பிரசவ நேரம், ஸ்டேஷனில் ஒரு கொலை வழக்கு. மேலதிகாரியின் ஏச்சு, கீழே வேலை செய்கிறவர்களின் சலிப்பு, ஸ்டேஷனுக்குள் நடக்கும் கேலி எல்லாம் அசல் பேச்சாக இருக்கும். ‘தீரன் அதிகாரம் ஒன்று’ படத்தில் சண்டையைவிட, ஒரு கைரேகையை வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்த பகுதிதான் பிடித்தது என்று ஒருவர் சொன்னால், யோசிக்காமல் ‘விலங்கு’ கொடுக்கலாம். லாக்கப்பில் அடிக்கும் காட்சிகள் கடுமையானவை. அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

பலர் முதலில் நினைப்பது ‘சுழல்’ தொடரைத்தான். அதற்குக் காரணமும் இருக்கிறது. ‘விக்ரம் வேதா’ எடுத்த புஷ்கர் - காயத்ரிதான் அதை எழுதினார்கள். 2022 ஜூனில் அமேசான் பிரைமில் வந்தது, எட்டு எபிசோடுகள். முதல் நான்கை பிரம்மாவும் அடுத்த நான்கை அனுசரணும் இயக்கினார்கள். தொடக்கத்திலேயே திரை நிறைந்துவிடும். சாம்பலூர் என்ற கற்பனை ஊரில் ஒரு சிமென்ட் ஆலை, வேலைநிறுத்தம், போலீஸ் தடியடி, அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளைத் திருவிழா. அந்தத் திருவிழா இரவில் ஆலை தீப்பிடித்து எரிகிறது. அதே இரவில் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமல் போகிறாள். சண்முகமாக பார்த்திபன், தடியடி நடத்தும் இன்ஸ்பெக்டர் ரெஜினாவாக ஸ்ரேயா ரெட்டி, நடுவில் மாட்டிக்கொள்ளும் சப்-இன்ஸ்பெக்டர் சக்கரையாகக் கதிர். நிலாவின் அக்கா நந்தினியாக ஐஸ்வர்யா ராஜேஷ்.

இப்படிப் பார்த்தால் சண்டைப் பட ரசிகருக்கு இதைவிடப் பொருத்தமானது வேறு இருக்க முடியாது என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை, இரண்டாவதாகப் பார்க்க இதுதான் சரி. காரணம், முதல் எபிசோட் முடியும்போது தேடல் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது: ஆலைக்குத் தீ வைத்தது யார், நிலா எங்கே? அதோடு, சண்டைப் படம் பழக்கிவிட்ட நல்லவன் - கெட்டவன் கணக்கை இந்தத் தொடர் வேண்டுமென்றே குலைக்கிறது. தடியடியின்போது சண்முகம் தொழிலாளியின் பக்கம் நிற்பவர், ரெஜினா முதலாளிக்கு வேலை செய்பவள் என்று நாம் பிரித்து வைத்துக்கொள்கிறோம். தீப்பிடித்ததும் சந்தேகம் சண்முகத்தின் மேலேயே விழுகிறது. மகளைத் தேடும் தகப்பனும் அவர்தான், தீ வைத்திருக்கலாம் என்று விசாரிக்கப்படுகிறவரும் அவர்தான். ரெஜினாவும் போகப் போக வேறு ஆளாகத் தெரிவாள். யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவிப்பதுதான் இந்தத் தொடரின் சுவை. ஆனால் முதல் தடவையே அந்தத் தவிப்பில் மாட்டுகிறவர், ‘கதை குழப்புகிறது’ என்று வெளியேறிவிடும் வாய்ப்பு அதிகம். ஷிஜுவைத் தேடி முடித்தவர் அதைத் தாங்குவார்.

தொடர் தேர்வு சரியாக இருந்தும் பார்க்கும் விதத்தில் கெட்டுப்போவதையும் கவனித்திருக்கிறேன். முக்கியமான எதிரி கைப்பேசி. சண்டைப் படத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பெரிய இழப்பு இல்லை. முக்கியமான இடம் வந்ததும் பின்னணி இசை தட்டி எழுப்பிவிடும். நிதானமான தொடரில் அப்படி யாரும் எழுப்ப மாட்டார்கள். கேள்வி கேட்ட போலீஸ்காரரை விட்டுவிட்டு, கதவருகே நிற்கும் மனைவியை ஒருவர் ஒரு விநாடி பார்ப்பார். அந்த ஒரு விநாடிதான் அந்தக் காட்சியே. அப்போது தலை குனிந்து வாட்ஸ்அப் பார்த்தவருக்கு, நான்கு நிமிடம் சும்மா பேசினார்கள் என்றுதான் தோன்றும். வேகத்தை ஒன்றரை மடங்காக்கிப் பார்ப்பதும் இதே கதிதான். பேச்சு புரியும், தயக்கம் காணாமல் போய்விடும்.

முதல் இரண்டு எபிசோடுகளை ஒரே தடவையில் பார்த்துவிட வேண்டும் என்பதையும் வலியுறுத்துவேன். முதல் எபிசோட் பெரும்பாலும் ஆட்களை அறிமுகம் செய்யும், கேள்வியை வைக்கும். அந்தக் கேள்வி தரும் முதல் பலன் இரண்டாவதில்தான் கைக்கு வரும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ஒரு வாரம் விட்டால், பெயர்கள் மறந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும், யாரும் தொடங்க மாட்டார்கள். அரை மணி நேர எபிசோட் என்பதால் ‘கேரளா கிரைம் ஃபைல்’ஸில் இரண்டும் சேர்ந்தே ஒரு மணி நேரம்தான் ஆகும்.

டிரெய்லரை நம்ப வேண்டாம். எட்டு எபிசோடுகளில் இருக்கும் நான்கு துரத்தலையும் இரண்டு துப்பாக்கியையும் எடுத்து, இரண்டு நிமிடத்தில் அடுக்கி, மேலே மேளத்தைத் தட்டிவிடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு உட்காருகிறவர் ஏமாறுவார். அதற்குப் பதிலாக முதல் பத்து நிமிடத்தை ஓடவிட்டுப் பார்த்தால் தொடரின் உண்மையான நடை தெரிந்துவிடும்.

நிதானமாகப் போகிற எல்லாத் தொடரும் நல்ல தொடர் அல்ல. வெறுமனே இழுக்கிற தொடர்கள் ஏராளம். அதைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் வழி இது. எபிசோட் தொடங்கும்போது நமக்கு யார் மேல் சந்தேகம், முடியும்போது யார் மேல்? தொடங்கும்போது தெரியாத எது இப்போது தெரிகிறது? ஒருவரைப் பற்றிய நம் எண்ணமாவது மாறியிருக்கிறதா? எதுவுமே மாறாமல் இரண்டு எபிசோடுகள் அடுத்தடுத்து போனால் அது இழுவைதான், தயங்காமல் நிறுத்திவிடலாம். எட்டு எபிசோட் தொடர்களில் நான்கு முதல் ஆறு வரைதான் இந்தச் சோதனைக்கு அதிகம் தடுமாறும் இடம். ஒரு புதுச் சந்தேக நபரைக் கொண்டுவந்து, அவன் இல்லை என்று காட்டுவதற்கே ஒரு எபிசோடைக் கரைத்துவிடுவார்கள்.

எஸ்.ஜே. சூர்யா நடித்த ‘வதந்தி’ (2022) எனக்குப் பிடித்த தொடர்தான். பிணமாகக் கிடைத்த வெலோனி என்ற பெண்ணைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்வார்கள், எது நிஜம் என்று தெரியாது. அதன் கருவே அதுதான் என்பதால் கதை திரும்பத் திரும்ப ஆரம்பத்துக்கே வந்து நிற்கும். பழகியவருக்கு அது விருந்து. புதியவரிடம் கொடுத்தால் ஐந்தாவது எபிசோடில் எழுந்து போய்விடுவார்.

கூட உட்கார்ந்து பார்க்கும் நமக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. மூன்றாவது எபிசோடில் அவர் நம் பக்கம் திரும்பி, “டேய், யாருடா செஞ்சது? அதை மட்டும் சொல்லிடு” என்பார். சொல்லிவிடக் கூடாது. “உனக்கு யார் மேல சந்தேகம்?” என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்ல அவர் யோசிக்க ஆரம்பித்தால், பின்னால் போட்டு ஒரு காட்சியை மறுபடி பார்த்தால், தொடர் அவரைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். எப்போது முடியும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் வற்புறுத்த வேண்டாம். ‘விலங்கு’க்கு மாறிப் பாருங்கள். அதுவும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடலாம். அவருக்கு அடுத்த சண்டைப் படம் இருக்கிறது.

பிடித்துவிட்டால் வழி நீண்டது. ‘சுழல்’ முடித்தவருக்கு நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘கோஹ்ரா’ (2023) காத்திருக்கிறது. பஞ்சாப் கிராமம், கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு வயலில் பிணமாகக் கிடக்கும் வெளிநாட்டு மாப்பிள்ளை, விசாரிக்கும் இரண்டு போலீஸ்காரர்கள், அவர்கள் வீட்டிலேயே ஆறாத புண்கள். ஆறே எபிசோடுகள்தான். ஆனால் கொலையைவிட அந்தக் குடும்பங்கள்தான் மனதில் தங்கும். அதையும் ரசித்தவர் பிரிட்டனின் ‘பிராட்சர்ச்’ முதல் சீசனுக்கு (2013) போகலாம். ஒரு சிறுவனின் சாவு ஒரு கடலோர ஊர் முழுவதையும் எப்படிப் பிளக்கிறது என்று எட்டு எபிசோடுகளில் காட்டுகிற தொடர் அது. ‘தி வயர்’ அதற்கும் பிறகுதான்.

‘கேரளா கிரைம் ஃபைல்ஸ்’ முடித்ததுமே அதன் இரண்டாவது சீசனுக்குத் தாவ வேண்டாம் என்பது என் ஆலோசனை. 2025 ஜூனில் வந்த அந்தச் சீசன், அம்பிலி ராஜு என்ற போலீஸ்காரர் காணாமல் போன தனி வழக்கு. எழுதியவர் ‘கிஷ்கிந்தா காண்டம்’ எழுதிய பாகுல் ரமேஷ். முதல் சீசனைவிட அது சிக்கலானது, நிதானமானது, என் கணக்கில் அதைவிடச் சிறந்தது. நடுவில் ‘விலங்கு’ அல்லது ‘சுழல்’ பார்த்துவிட்டு அதற்கு வாருங்கள்.